அம்மாவுக்கு: போனில் இருக்கும் கொடை வீடியோவை டிவியில் போடுவது எப்படி

அம்மா,

"ஸ்கிரீன் மிர்ரரிங்னா என்ன ஏட்டி, அதுக்கு நெட்டு வேணுமா, காசு புடிக்குமா?" என்று கேட்டாய். போனில் வாயால் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். அதனால் எழுதி அனுப்புகிறேன். போன முறை ஊருக்கு வந்திருந்தபோது நம் டிவியோடு நான் மல்லுக்கட்டியதை நீயே பார்த்தாய். உனக்கு அந்தப் பாடு வேண்டாம். ஒரேயடியாக வாசிக்காதே. போனும் டிவியும் முன்னால் இருக்கும்போது ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துக்கொண்டே செய். அத்தைக்கும் அனுப்பிவிடு. அவள் வீட்டில் போனும் வேறு, டிவியும் வேறு என்பதால் அதற்குத் தனியாகக் கடைசியில் எழுதியிருக்கிறேன்.

நமக்கு ஆக வேண்டிய காரியம் ஒன்றுதான். சித்தப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பிய கோயில் கொடைத் திருவிழா வீடியோவைப் பட்டாசலில் இருக்கும் டிவியில் ஆச்சிக்குப் போட்டுக் காட்ட வேண்டும். சாமக்கொடைக்கு ஆச்சியால் கண்விழித்து உட்கார முடியாது, போனின் சின்னத் திரையும் அவள் கண்ணுக்குத் தெரியாது.

1. மிர்ரரிங் என்றால் என்ன நடக்கிறது

உன் போன் திரையில் அந்த நொடி என்ன தெரிகிறதோ, அதை அப்படியே போன் படம் பிடித்து, சுருக்கி, வைஃபை அலை வழியாக டிவிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. டிவி அதை விரித்துப் பெரிதாகக் காட்டுகிறது. அவ்வளவுதான். வேலை முழுவதும் உன் போனுடையது. டிவிக்கு அது கொடை வீடியோவா, கால்குலேட்டரா என்றுகூடத் தெரியாது. வருகிற படத்தைக் காட்டும், கூடவே வருகிற சத்தத்தைக் கொடுக்கும்.

இது மனதில் நின்றால் கீழே எழுதியிருப்பதில் பாதியை நீயே சொல்லிவிடுவாய். போன் திரை அணைந்தால் டிவியிலும் படம் போய்விடும். போனை நிமிர்த்திப் பிடித்தால் டிவியிலும் படம் நெட்டுக்குத்தாக நிற்கும். நடுவில் யாராவது மெசேஜ் அனுப்பினால் அதுவும் பட்டாசலில் எல்லோருக்கும் தெரியும். போனில் நீ விரலால் தள்ளியதற்கும் டிவியில் அது நகர்வதற்கும் நடுவே கொஞ்சம் தாமதம் இருக்கும். படத்தைச் சுருக்கி, அனுப்பி, விரிக்க ஆகும் நேரம் அது. வீடியோ பார்க்கும்போது அது தெரியாது, ஏனென்றால் சத்தமும் படத்தோடு சேர்ந்தேதான் வருகிறது.

இனி நெட்டு. நம் வீட்டில் வைஃபை பெட்டி இல்லையே, அப்புறம் எப்படி என்று நீ யோசிப்பாய். வைஃபை என்பது போனுக்குள்ளும் டிவிக்குள்ளும் இருக்கும் ஒரு சின்ன ரேடியோ. பெட்டி இருந்தால் அது நெட்டைக் கொண்டுவரும். பெட்டி இல்லாவிட்டாலும் இந்த இரண்டு ரேடியோவும் தங்களுக்குள் நேரடியாகப் பேசிக்கொள்ள முடியும். அந்த முறைக்கு மிராகாஸ்ட் என்று பெயர். 2012-இல் வந்தது. டிவி பெட்டியில் "Miracast" என்று அச்சடித்திருந்தால் இதுதான். ஆகவே போனில் ஏற்கெனவே இறங்கியிருக்கும் வீடியோவைக் காட்ட நெட்டு வேண்டாம், டேட்டாவும் செலவாகாது. ஆனால் வைஃபை பொத்தான் மட்டும் போனில் ஆன் ஆகியிருக்க வேண்டும்.

காசும் கிடையாது. நம் போனிலும் டிவியிலும் இந்த வசதி வாங்கும்போதே இருக்கிறது.

2. யூடியூபுக்கு இது வேண்டாம்

இந்த இடத்தில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். யூடியூபில் வீடியோ ஓடும்போது மேலே ஒரு சின்ன டிவிப் பெட்டி மாதிரி குறி தெரியும், அதன் மூலையில் மூன்று வளைகோடு இருக்கும். அது காஸ்ட். மிர்ரரிங் அல்ல.

பலசரக்குக் கடைக்கு நீயே போய்ப் பையைச் சுமந்துகொண்டு வருவது மிர்ரரிங். கடைக்குப் போன் போட்டு இன்னின்னது வேண்டும் என்று சொன்னால் கடைப் பையன் வீட்டில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகிறானே, அது காஸ்ட். காஸ்ட்டில் உன் போன் "இந்த வீடியோவைப் போடு" என்று சொல்வதோடு சரி. டிவியே நேராக இன்டர்நெட்டிலிருந்து எடுத்து ஓட்டும். அதனால் படம் தெளிவாக இருக்கும், போன் திரையை அணைத்தாலும் ஓடிக்கொண்டிருக்கும், போனில் வேறு வேலை பார்க்கலாம். ஆனால் டிவிக்கு இன்டர்நெட் இருந்தாக வேண்டும்.

நம் வீட்டில் டிவிக்கு நெட்டு என்றால் அப்பா போனின் ஹாட்ஸ்பாட்தான். நல்ல தெளிவில் யூடியூப் ஓடினால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபிக்கு மேலேயே இழுத்துவிடும். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி கொடுக்கிற பேக் போட்டிருந்தால் ஒரு வில்லுப்பாட்டு முழுதாக முடிவதற்குள் தீர்ந்துவிடும். சாயங்காலம் அப்பா "நெட்டு ஏன் சுத்திக்கிட்டே இருக்கு" என்று கேட்டால் காரணம் இதுதான்.

வாட்ஸ்அப் வீடியோ, கேலரியில் இருக்கும் வீடியோ, நீ எடுத்த வீடியோ என்றால் மிர்ரரிங். யூடியூப் என்றால் காஸ்ட், இல்லாவிட்டால் டிவியிலேயே இருக்கும் யூடியூபைத் திறந்துகொள்.

3. கைக்குப் பக்கத்தில் எடுத்து வைக்க வேண்டியவை

டிவி ரிமோட், அதுவும் டிவியோடு வந்தது. கேபிள் பெட்டி ரிமோட்டால் இந்த வேலை ஆகாது. அப்புறம் போன் சார்ஜர். மிர்ரரிங் போனுக்குக் கனமான வேலை, சார்ஜ் வேகமாக இறங்கும், போன் கொஞ்சம் சுடும். சார்ஜர் ஒயர் எட்டுகிற இடமாகப் பார்த்து உட்கார்.

டிவியின் பெயரும் தெரிய வேண்டும். நம் டிவியும் உன் போனும் சாம்சங். டிவி செட்டிங்ஸில் "Device Name" என்ற இடத்தில் போன முறை "பட்டாசல்" என்பதை ஆங்கில எழுத்தில் "PATTASAL" என்று நான் மாற்றி வைத்திருக்கிறேன். காரணம், பக்கத்து வீட்டிலும் அதே கம்பெனி டிவி. பெயர் மாற்றாவிட்டால் பட்டியலில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அவர்கள் டிவியைத் தொட்டால் அவர்கள் சீரியலுக்கு நடுவே "இந்தப் போனை அனுமதிக்கவா?" என்ற கேள்வி போய் நிற்கும். சண்டைக்கு வர மாட்டார்கள், ஆனால் நமக்கு எதற்கு.

நேரம்: முதல் தடவை பத்துப் பதினைந்து நிமிடம் ஒதுக்கிக்கொள். அப்புறம் ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆட்கள் வந்து உட்கார்ந்த பிறகு முதல் தடவையாக முயற்சி செய்யாதே. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, வீடு அமைதியாக இருக்கும்போது ஒரு தரம் செய்து பார்த்துவிடு.

4. வீடியோவை முதலில் ஒழுங்காக வாங்கு

சித்தப்பா அனுப்பியதை டிவியில் போட்டால் கணியான் ஆடுகிறாரா, கம்பம் நிற்கிறதா என்றே தெரியாது, எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும். டிவி சரியில்லை என்று நினைத்துவிடாதே. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வீடியோ அனுப்பினால் அது சீக்கிரம் போய்ச் சேருவதற்காக வாட்ஸ்அப் அதை நன்றாகச் சுருக்கிவிடும். போன் திரையில் அது தெரியாது. 43 இன்ச்சில் விரிக்கும்போது வண்டவாளம் வெளியே வந்துவிடும். கொடை வீடியோ இரவில் எடுத்தது, விளக்கு வெளிச்சம், தீப்பந்தம், ஆட்டம் என்று எல்லாம் அசைகிறது. இப்படிப்பட்ட படம்தான் சுருக்கும்போது ரொம்பக் கெட்டுப்போகும்.

அதனால் சித்தப்பாவிடம் இப்படிச் சொல்: "வீடியோவை கேலரி வழியா அனுப்பாதீங்க. பேப்பர் கிளிப் மாதிரி குறி இருக்குல்லா, அதைத் தொட்டு, Document-ங்கிறதைத் தொட்டு, அதுக்குள்ள இருந்து அனுப்புங்க." டாக்குமென்ட்டாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்காது, எடுத்தது எடுத்தபடி வரும். ஒரு கோப்பு 2 ஜிபி வரை அனுப்பலாம்.

இதற்கு விலை உண்டு. நல்ல தெளிவில் எடுத்த வீடியோ நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 எம்பி இருக்கும். பத்து நிமிட வீடியோ என்றால் ஏறக்குறைய ஒரு ஜிபி. அன்றைய டேட்டா பெரும்பாலும் அதிலேயே போய்விடும், போனிலும் அவ்வளவு இடம் காலியாக இருக்க வேண்டும். காலை வணக்கம் படங்களை அழித்தாலே உன் போனில் நிறைய இடம் கிடைக்கும் என்பது என் எண்ணம். ஆகவே முழுக் கொடையையும் கேட்காதே. சாமக்கொடையில் ஆச்சி பார்க்க வேண்டிய பகுதியை மட்டும் கேள். ராத்திரி படுக்கப் போகும் முன் டவுன்லோடு போட்டுவிட்டால் காலையில் இறங்கியிருக்கும்.

இறங்கிய பிறகு ஒரு தரம் போனிலேயே திறந்து, ஆரம்பத்திலும் நடுவிலும் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள். போனில் ஓடாதது டிவியில் ஓடாது.

5. போனைத் தயார் செய்

போன் திரையின் மேலிருந்து இரண்டு விரலால் கீழே இழு. வட்ட வட்டமாகப் பொத்தான்கள் வரும். அதில்தான் எல்லா வேலையும்.

வைஃபையை ஆன் செய். கீழே "எதிலும் இணையவில்லை" என்று காட்டினாலும் பரவாயில்லை, ஆன் ஆகியிருந்தால் போதும். உன் போனில் ஹாட்ஸ்பாட் ஓடிக்கொண்டிருந்தால் அணைத்துவிடு. நிறையப் போன்களில் ஒரே ரேடியோவால் இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது.

ப்ளூடூத்தை அணை. நீ நடக்கப் போகும்போது கழுத்தில் மாட்டும் இயர்போன் இணைந்தே இருந்தால், படம் டிவியிலும் சத்தம் இயர்போனிலும் போகும். "படம் வருது, சத்தம் வரலை" என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

"Auto rotate" ஆன் ஆகட்டும். அது "Portrait" என்று காட்டினால் ஒரு தரம் தொடு, மாறிவிடும்.

"Do not disturb" ஆன் செய். இல்லாவிட்டால் குடும்ப குரூப்பில் வருவதெல்லாம் சாமி ஆடுகிற படத்தின் மேல் வந்து விழும். அப்பா வெளியே போயிருக்கிறார், அவர் அழைத்தால் மட்டும் மணி அடிக்க வேண்டும் என்றால், அதே பொத்தானை நீளமாக அழுத்தினால் உள்ளே போய் அவர் எண்ணுக்கு விலக்குக் கொடுக்கலாம்.

கடைசியாக செட்டிங்ஸ் உள்ளே "Display", அதில் "Screen timeout". அதை 10 நிமிடமாக வை. வீடியோ ஓடும்போது திரை தானாக அணையாது. ஆனால் ஆச்சி "நிறுத்து, அது யாரு, நம்ம பெரிய வீட்டுப் பையனா?" என்று கேட்பாள். நீ நிறுத்திவிட்டு உறவுமுறை சொல்லி முடிப்பதற்குள் 30 நொடி ஓடியிருக்கும், திரை அணையும், இணைப்பும் போகும். எல்லாம் முடிந்தபின் பழையபடி மாற்றிக்கொள்.

6. இணைப்பது

முதலில் டிவியை ஆன் செய்து அரை நிமிடம் விடு. ஆன் ஆனவுடனே அது தயாராவதில்லை.

பிறகு போனில் மறுபடி மேலிருந்து இழு. "Smart View" என்று ஒரு பொத்தான் இருக்கும். முதல் பக்கத்தில் இல்லாவிட்டால் பக்கவாட்டில் தள்ளிப் பார். தொட்டால் அக்கம்பக்கத்தில் இருக்கும் டிவிகளைத் தேடும். "PATTASAL" வரும்வரை பொறு. வந்ததும் தொடு. "Start now" என்று கேட்கும், அதையும் தொடு. போன் திரையில் இருப்பதெல்லாம் டிவியில் தெரியும் என்று ஒரு எச்சரிக்கை காட்டும். அது சும்மா பயமுறுத்தல் அல்ல, 9-வது எண்ணில் சொல்கிறேன்.

இப்போது டிவியைப் பார். இந்தப் போனை அனுமதிக்கவா என்று கேட்கும். ரிமோட்டால் "Allow" மேல் போய் அழுத்து. அந்தக் கேள்வி கொஞ்ச நேரம்தான் நிற்கும். ரிமோட்டைத் தேடிக்கொண்டிருந்தால் மறைந்துவிடும், மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். ரிமோட்டைக் கைக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னது இதற்குத்தான்.

சில நொடியில் உன் போன் திரை டிவியில் வந்து நிற்கும். வாட்ஸ்அப் வழியாகப் போகாதே. உன் அரட்டைகள் எல்லாம் டிவியில் ஒரு ஊர்வலம் போகும். வீடியோவை முன்கூட்டியே திறந்து நிறுத்தி வைத்துவிட்டு, அதன் பிறகு Smart View-ஐத் தொடுவது நல்லது. அப்படிச் செய்தால் டிவியில் முதலில் தெரிவதே கொடைப் பந்தலாக இருக்கும்.

7. படம் சின்னதாகத் தெரிந்தால்

போனைப் படுக்கைவசமாகத் திருப்பு. டிவியிலும் படம் படுத்து அகலமாகும். சும்மா கையில் வைத்திருக்காமல் தலையணை மேலோ டம்ளர் மேலோ சாய்த்து வைத்துவிடு. கை தவறி நிமிர்ந்தால் படமும் கூடவே திரும்பிவிடும்.

அப்படியும் நடுவில் ஒரு குறுகிய பட்டையாக மட்டும் தெரிகிறது என்றால், எடுத்தவரே போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்திருக்கிறார். அதற்கு மருந்து இல்லை. நிமிர்த்தி எடுத்த வீடியோ டிவியின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கைக்கூட நிரப்பாது. இரண்டு பக்கமும் கறுப்பாகத்தான் இருக்கும். அடுத்த கொடைக்கு முன்னாலேயே சித்தப்பா மகனிடம் சொல்லிவிடு: போனைப் படுக்கவைத்து எடுக்க வேண்டும், ரீல்ஸுக்கு எடுக்கிற மாதிரி எடுக்கக் கூடாது.

நாலு பக்கமும் கறுப்பு விளிம்பு தெரிந்தால் அது வேறு. உன் போன் திரை டிவியைவிட நீளமானது, அதனால் மிச்சம் விழுகிறது. Smart View ஓடும்போது போன் ஓரத்தில் ஒரு சின்னக் குறி மிதக்கும். அதைத் தொட்டு உள்ளே "Phone aspect ratio" என்பதை டிவியை நிரப்புகிற மாதிரி மாற்றலாம். மாற்றாவிட்டாலும் குற்றமில்லை.

சத்தம் குறைவாக இருந்தால் டிவி ரிமோட்டில் கூட்டு. அப்படியும் கேட்கவில்லை என்றால் ப்ளூடூத்தை மறுபடி பார், வீடியோவிலேயே சத்தம் அணைந்திருக்கிறதா என்றும் பார்.

8. இணையவே இல்லை என்றால்

எதை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பது முக்கியம். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு எதனால் சரியானது என்றே தெரியாது.

பட்டியலில் டிவி பெயரே வரவில்லை என்றால் போனில் வைஃபையை ஒரு தரம் அணைத்து ஆன் செய். அதற்கும் வரவில்லை என்றால் டிவியைச் சுவரில் இருக்கும் சுவிட்சில் அணைத்து, ஒரு நிமிடம் கழித்துப் போடு. ரிமோட்டில் அணைத்தால் டிவி தூங்குகிறதே தவிர அணைவதில்லை, அதனால் அது பலன் தராது. அடுக்களையிலிருந்து முயற்சி செய்யாதே. நம் வீட்டுச் சுவர் பழைய கனத்த சுவர், அலை அதைத் தாண்டுவதற்குள் வலுவிழந்துவிடும். டிவி இருக்கும் அதே அறையில், நாலைந்து அடி தள்ளி உட்கார்.

பெயர் வருகிறது, தொட்டால் மட்டும் இணையவில்லை, டிவி எந்தக் கேள்வியும் கேட்கவில்லை என்றால், யாரோ எப்போதோ அந்தக் கேள்விக்கு "Deny" அழுத்தியிருக்கிறார்கள். டிவி அதை ஞாபகம் வைத்துக்கொண்டு, உன் போனைக் கேட்காமலே திருப்பி அனுப்புகிறது. இது நிறையப் பேரைச் சுற்றவைக்கும். ஏனென்றால் போனில் எவ்வளவு தேடினாலும் காரணம் கிடைக்காது, பூட்டு டிவியில் இருக்கிறது. டிவி செட்டிங்ஸில் "External Device Manager", அதற்குள் "Device Connection Manager", அதற்குள் "Device List". டிவி பழசா புதுசா என்பதைப் பொறுத்து இது "General" கீழோ "Connection" கீழோ இருக்கும். அந்தப் பட்டியலில் உன் போன் பெயரை எடுத்து அழித்துவிட்டால், அடுத்த முறை புதிதாகக் கேட்கும்.

இணைகிறது, ஆனால் விட்டு விட்டு வருகிறது என்றால் பக்கத்தில் மைக்ரோவேவ் அடுப்பு ஓடுகிறதா என்று பார். அதுவும் வைஃபையும் ஒரே அலைவரிசையில் மோதிக்கொள்ளும். நம் வீட்டில் இல்லை, அத்தை வீட்டில் உண்டு. போனில் பின்னால் நிறைய ஆப் திறந்து கிடந்தாலும் தடுமாறும், எல்லாவற்றையும் மூடிவிடு.

கரண்ட் போய் வந்தால் இணைப்பு தானாகத் திரும்பாது. 6-வது எண்ணிலிருந்து மறுபடி செய்ய வேண்டும். "Allow" மட்டும் பெரும்பாலும் திரும்பக் கேட்காது.

ஒன்று செய்யவே செய்யாதே: பிளே ஸ்டோரில் "ஸ்கிரீன் மிர்ரரிங்" என்று தேடி எதையும் இறக்காதே. போனிலேயே இருக்கிற வசதிக்கு மேலே விளம்பரத்தை ஒட்டி விற்கிற ஆப்கள்தான் நிறைய. இலவசம் என்று ஆரம்பித்து வாரத்துக்கு இவ்வளவு என்று பணம் கேட்கிறவையும் உண்டு.

9. டிவியில் தெரியும்போது திறக்கக் கூடாதவை

மிர்ரரிங் ஓடும்போது பேங்க் ஆப், ஜிபே எதையும் திறக்காதே. நிறைய பேங்க் ஆப்கள் தங்கள் பக்கத்தை வெளியே அனுப்ப விடாமல் தடுத்திருக்கும். போனில் சரியாகத் தெரியும், டிவியில் கறுப்பாக இருக்கும். ஆனால் மெசேஜில் வருகிற ஓடிபிக்கு அந்தத் தடுப்பு இருக்கும் என்று நம்ப முடியாது, அது டிவியில் பெரிய எழுத்தில் வந்து நிற்கும். சினிமா பார்க்கிற ஆப்களில் படம் போட்டால் சில நேரம் சத்தம் மட்டும் வந்து திரை கறுப்பாக இருப்பதும் இதே மாதிரித் தடுப்பால்தான். யாரும் நகல் எடுக்கக் கூடாது என்று கம்பெனியே மூடி வைத்திருக்கிறது. கெட்டுப்போனது என்று நினைக்காதே. அந்தப் படங்களுக்கு டிவியிலேயே இருக்கும் ஆப்பைத் திறந்துகொள்.

இதைவிட முக்கியமான ஒன்று. யாராவது போன் போட்டு "பேங்க்ல இருந்து பேசுறேன், கேஒய்சி அப்டேட் பண்ணணும், ஸ்கிரீன் ஷேர் பண்ணுங்கம்மா" என்று சொன்னால் உடனே வைத்துவிடு. அதுவும் உன் திரையைக் காட்டுவதுதான். ஆனால் நம் பட்டாசல் டிவிக்கு அல்ல, இன்டர்நெட் வழியாக எங்கேயோ இருக்கும் ஒரு ஆளுக்கு. அவன் ஒரு ஆப்பை இறக்கச் சொல்வான், இல்லாவிட்டால் வாட்ஸ்அப் வீடியோ காலிலேயே திரையைப் பகிரச் சொல்வான். வாட்ஸ்அப்பில் அந்த வசதி 2023-இல் வந்தது. உனக்கு வருகிற ஓடிபியை நீ சொல்லவே வேண்டாம், அவனே பார்த்துக்கொள்வான். Smart View-ஐத் தொடுவதற்கு யாரும் உனக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டிய தேவை கிடையாது, என்னைத் தவிர.

10. அத்தை வீட்டுக்கு

அத்தை போனில் "Smart View" இருக்காது. கம்பெனிக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். மேலிருந்து இழுத்தால் வரும் பொத்தான்களில் "Cast" அல்லது "Screencast" என்று இருக்கும், சிலவற்றில் செட்டிங்ஸுக்குள் "Wireless display" என்று இருக்கும். செட்டிங்ஸின் மேலே இருக்கும் தேடும் இடத்தில் "cast" என்று அடித்தாலே வந்துவிடும்.

அத்தை டிவி எல்ஜி. அதில் ரிமோட்டில் ஹோம் அழுத்தி "Screen Share" என்பதைத் திறந்து வைத்துவிட்டு, அதன் பிறகு போனில் தேட வேண்டும். டிவி அந்தப் பக்கத்தில் காத்துக்கொண்டிருந்தால் கண்டுபிடிப்பது சுலபம்.

மதினி ஐபோன் வைத்திருக்கிறாளே, அதற்கு மிராகாஸ்ட் கிடையாது. ஏர்ப்ளே என்று அவர்கள் தனி வழி. டிவியிலும் ஏர்ப்ளே இருக்க வேண்டும், போனும் டிவியும் ஒரே வைஃபையில் இருப்பது நல்லது. ஐபோனில் மேல் மூலையிலிருந்து இழுத்தால் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கட்டம் உள்ள குறி இருக்கும், அதுதான் ஸ்கிரீன் மிர்ரரிங்.

பெரியம்மா வீட்டில் இருப்பது ஸ்மார்ட் டிவியே இல்லை. அதற்கு ஒயர் வாங்கலாமா என்று கேட்டாள். வாங்க வேண்டாம் என்று சொல். போனின் சார்ஜர் துளையிலிருந்து டிவியின் எச்டிஎம்ஐ துளைக்குப் போகும் ஒயர், விலை உயர்ந்த சில போன்களில்தான் படம் கொடுக்கும். குறைந்த விலைப் போன்கள் பெரும்பாலானவற்றில் அந்தத் துளை சார்ஜுக்கும் கோப்பு மாற்றவும் மட்டும்தான். கடைக்காரர் எல்லாப் போனுக்கும் ஆகும் என்றுதான் சொல்வார். வீடியோ காட்டுவது மட்டும்தான் வேலை என்றால் பென்டிரைவ் போதும். போனில் சொருகுகிற மாதிரி இரண்டு பக்கமும் முனை உள்ள பென்டிரைவ் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். வீடியோவை அதில் போட்டு, டிவியின் யூஎஸ்பி துளையில் சொருகி ரிமோட்டால் ஓட்டலாம். உண்மையைச் சொன்னால் பெரிய வீடியோவுக்கு மிர்ரரிங்கைவிட இது தெளிவாகவே இருக்கும், ஏனென்றால் நடுவில் எதுவும் படத்தைத் திரும்பச் சுருக்குவதில்லை.

11. நிறுத்துவது

வீடியோ முடிந்ததும் போனை அப்படியே வைத்துவிட்டுப் போகாதே. மேலிருந்து இழுத்து Smart View-ஐத் தொட்டு "Disconnect" கொடு. டிவி பழைய இடத்துக்குத் திரும்பாமல் வெற்றுத் திரையாக நின்றால், ரிமோட்டில் "Source" அழுத்தி கேபிள் பெட்டி இருக்கும் எச்டிஎம்ஐ எண்ணைத் தேர்ந்தெடு, ஆச்சிக்கு சீரியல் வந்துவிடும். "Do not disturb"-ஐ அணைக்க மறந்துவிடாதே. மறந்தால் நான் ராத்திரி கூப்பிடும்போது உனக்கு மணி அடிக்காது.

எங்கேயாவது மாட்டிக்கொண்டால் "வரலை" என்று மட்டும் அனுப்பாதே. டிவி திரையில் என்ன எழுதியிருக்கிறதோ அதை அப்பா போனில் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. டிவிக்குப் பின்னால் மாடல் எண் போட்ட ஸ்டிக்கர் இருக்கும், அதையும் ஒன்று.